சுருள்வில்லில் கட்டிய உருளை: உருளும்போது அலைவு ஏன் மெதுவாகிறது?

கிடைத்தளத்தில் ஒரு திண்ம உருளை படுத்திருக்கிறது. அதன் அச்சு ஒரு சுருள்வில்லில் பிணைக்கப்பட்டிருக்கிறது; வில்லின் மறுமுனை சுவரில். உருளையைக் கொஞ்சம் இழுத்து விட்டால் நழுவாமல் முன்னும் பின்னும் உருண்டு அலைகிறது. அதன் அதிர்வெண் என்ன என்பதுதான் கேள்வி. பிளஸ் ஒன் இயற்பியலில் உருளுதல் ஓர் அலகிலும் அலைவுகள் வேறோர் அலகிலும் வருகின்றன. இந்தக் கணக்கு இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பதால் நுழைவுத் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். உருளையின் நிறை M, வில்லின் விசை மாறிலி k என்றால் அலைவின் கோண அதிர்வெண்:

```
ω = √(2k / 3M)
T = 2π √(3M / 2k)
```

இதே உருளை உராய்வே இல்லாத தளத்தில் உருளாமல் வழுக்கி அலைந்தால் ω = √(k/M) ஆக இருந்திருக்கும். உருளும்போது M இருந்த இடத்தில் 3M/2 வந்து உட்காருகிறது. ஆரம் R விடையில் இல்லை. உராய்வுக் குணகமும் இல்லை. ஆனால் உராய்வு இல்லாவிட்டால் இந்த விடையே கிடையாது. பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இந்தக் கட்டுரை அதிக நேரத்தை உராய்விடமே செலவிடுகிறது.

முதலில் குறுக்கு வழி. உருளும் உருளைக்கு இரண்டு வகை இயக்க ஆற்றல் உண்டு: நிறை மையம் நகர்வதால் வருவது ஒன்று, மையத்தைச் சுற்றிச் சுழல்வதால் வருவது இன்னொன்று. நகரும் வேகம் v என்றும் சுழலும் கோணத் திசைவேகம் Ω என்றும் வைத்துக்கொள்வோம். நழுவாமல் உருள்வதென்றால் v = RΩ. திண்ம உருளையின் நிலைமத் திருப்புத்திறன் I = MR²/2. ஆகவே சுழற்சி ஆற்றல் ½IΩ² = ¼Mv² ஆகிறது; R அடிபட்டுப் போகிறது. மொத்த ஆற்றல்:

```
E = ½Mv² + ¼Mv² + ½kx²
  = ½(3M/2)v² + ½kx²
```

இரண்டாவது வரி 3M/2 நிறையுள்ள ஒரு பொருள் வில்லில் கட்டப்பட்டு வழுக்கி அலைவதன் ஆற்றலேதான். அந்தப் பொருளின் அலைவுக் காலம் நமக்குத் தெரியும். எனவே உருளையின் காலமும் தெரிந்துவிடுகிறது. முறைப்படி எழுத விரும்பினால் E மாறாதது என்பதால் அதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டுச் சுழி என்று வையுங்கள். (3M/2)va + kxv = 0 என்று வரும். v ஐ நீக்கினால் a = −(2k/3M)x. முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் இருப்பதால் இது தனிச்சீரிசை இயக்கம்.

குறியீட்டில் ஒரு சிறு எச்சரிக்கை. உருளை சுழலும் கோணத் திசைவேகத்தையும் அலைவின் கோண அதிர்வெண்ணையும் ஒரே ω வால் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டும் ரேடியன்/வினாடி அலகில்தான் வருகின்றன, ஆனால் வேறு வேறு அளவுகள். அலைவின் ω இயக்கம் முழுக்க மாறாதது. சுழற்சியின் Ω கணத்துக்குக் கணம் மாறுவது. இரு முனைகளிலும் சுழி, நடுவில் உச்சம். v = Rω என்று எழுதி, அதே ω வை மறுபடி 2π/T க்குச் சமமாக வைத்தால், விடையில் இருக்கக் கூடாத R உள்ளே நுழைந்துவிடும். இங்கே சுழற்சிக்கு Ω என்றே வைத்துக்கொள்கிறோம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2 செ.மீ. ஆரமும் 5 செ.மீ. நீளமும் கொண்ட எஃகு உருளை ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். M = 0.50 கி.கி. என்றும், k = 12 நியூட்டன்/மீட்டர் என்றும், 5 செ.மீ. இழுத்து விடுகிறோம் என்றும் கொள்வோம். ω² = (2 × 12)/(3 × 0.50) = 16. ஆக ω = 4 ரேடியன்/வினாடி, அலைவுக் காலம் 1.57 வினாடி, அதிர்வெண் 0.64 ஹெர்ட்ஸ். சுழற்சியை மறந்துவிட்டு √(k/M) என்று போட்டவருக்கு 1.28 வினாடி வரும். பத்து அலைவுக்கு ஏறத்தாழ மூன்று வினாடி வித்தியாசம், கைக்கடிகாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆற்றல் எப்படிப் பிரிகிறது என்பதையும் பாருங்கள். இழுத்து வைத்திருக்கும்போது வில்லில் ½ × 12 × (0.05)² = 0.015 ஜூல் இருக்கிறது. நடுநிலையைக் கடக்கும்போது வேகம் Aω = 0.05 × 4 = 0.20 மீ/வி. நகர்வு ஆற்றல் ½ × 0.50 × 0.04 = 0.010 ஜூல். மீதி 0.005 ஜூல் சுழற்சியில். அந்தக் கணத்தில் Ω = 0.20/0.02 = 10 ரேடியன்/வினாடி; I = 1 × 10⁻⁴ கி.கி.மீ². ½IΩ² போட்டுப் பார்த்தால் அதே 0.005 ஜூல் வருகிறது. அலைவின் ω 4 ஆக இருக்கும்போது சுழற்சியின் Ω 10 வரை போகிறது என்பதையும் கவனியுங்கள். எந்தக் கணத்தில் பார்த்தாலும் நகர்வுக்கு இரண்டு பங்கு, சுழற்சிக்கு ஒரு பங்கு. திண்ம உருளைக்கு இந்த விகிதம் மாறுவதே இல்லை.

இனி அந்த 0.005 ஜூல் சுழற்சிக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். வில் பிடித்திருப்பது அச்சில். அச்சு வழியாகச் செல்லும் விசைக்கு அச்சைப் பற்றித் திருப்பு விசை கிடையாது. எடையும் செங்குத்து எதிர்விசையும் மையத்தின் வழியாகவே போகின்றன. உருளையைச் சுழற்றக் கூடியதாக மிஞ்சுவது தரை கொடுக்கும் உராய்வு ஒன்றுதான். ஆனால் அது எந்தப் பக்கம் செயல்படுகிறது?

"உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்" என்ற வாசகம் மனதில் இருப்பதால், உருளை இடப்பக்கம் ஓடினால் உராய்வு வலப்பக்கம், வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம் என்று பலர் வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் அலைவுச் சமன்பாடே வராது. விசையின் குறி வேகத்தோடு சேர்ந்து மாறி, தடை கலந்த ஏதோ ஒன்று வந்து நிற்கும். உராய்வு எதிர்ப்பது தொடும் இரு பரப்புகளுக்கு இடையிலான வழுக்கலை. நழுவாமல் உருளும்போது வழுக்கலே இல்லை. வழுக்கப் பார்க்கும் போக்கு மட்டுமே இருக்கிறது. அந்தப் போக்கு எந்தப் பக்கம் என்பதை உருளையின் வேகம் முடிவு செய்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு கணம் தளம் வழவழப்பாக இருப்பதாக நினைத்துப் பார்ப்பது. உருளை வலப்பக்கம் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. வில் இடப்பக்கம் இழுக்கிறது. உராய்வு இல்லையென்றால் உருளை சுழலாமல் மொத்தமாக இடப்பக்கம் வழுக்கும். தொடுபுள்ளியும் இடப்பக்கம் வழுக்கும். அதைத் தடுக்க உராய்வு வலப்பக்கம் செயல்பட்டாக வேண்டும். அதாவது வில்லின் விசைக்கு எதிராக, நடுநிலையிலிருந்து விலகும் திசையில். உருளை அப்போது போய்க்கொண்டிருந்தாலும் சரி, திரும்பி வந்துகொண்டிருந்தாலும் சரி, வலப்பாதியில் இருக்கும் வரை உராய்வு வலப்பக்கம்தான்.

சமன்பாடு இதையே சொல்கிறது. வலப்பக்கத்தை நேர்க்குறி என்று கொண்டு, உராய்வு f ஐயும் அதே திசையில் நேர்க்குறியாக வைப்போம். வலப்பக்கம் உருளும்போது உருளை கடிகாரச் சுற்றில் திரும்பும். தரைமட்டத்தில் வலப்பக்கம் செயல்படும் விசையோ எதிர்ச் சுற்றில் திருப்பப் பார்க்கும். அதனால் இரண்டாவது வரியில் கழித்தல் குறி வருகிறது.

```
Ma = −kx + f
(MR²/2)(a/R) = −fR   →   f = −Ma/2
(3/2)Ma = −kx
f = +kx/3
```

கடைசி வரி முக்கியமானது. உராய்வின் அளவு வில் விசையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. திசை இடப்பெயர்ச்சியின் திசை. வில் 3 பங்கு இழுத்தால் உராய்வு 1 பங்கைத் திருப்பிப் பிடிக்கிறது. நிறை மையத்துக்கு மிச்சம் 2 பங்குதான். முடுக்கம் மூன்றில் இரண்டாகக் குறைவதும் அலைவு மெதுவாவதும் இதனால்தான். பிடித்து வைத்த அந்த ஒரு பங்குதான் உருளையைச் சுழற்றுகிறது.

பிடித்து வைத்தாலும் உராய்வு ஆற்றலைத் தின்பதில்லை. தொடுபுள்ளியின் வேகம் ஒவ்வொரு கணமும் சுழி என்பதால் அங்கே செயல்படும் விசை செய்யும் வேலை சுழி. நடுநிலையை நோக்கி வரும்போது நகர்விலிருந்து எடுத்துச் சுழற்சிக்குக் கொடுக்கிறது, விலகிப் போகும்போது சுழற்சியிலிருந்து எடுத்து நகர்வுக்குக் கொடுக்கிறது; தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. ஆற்றல் வழியில் உராய்வின் பெயரையே எடுக்காமல் சரியான விடை கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

உராய்வு இருக்கிறதென்றதும் f = μMg என்று எழுதுவது இன்னொரு பழக்கதோஷம். μMg என்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு. அதற்குள் எவ்வளவு தேவையோ அவ்வளவே உராய்வு செயல்படும். நம் உருளையில் முனையில் கூடத் தேவைப்படுவது kA/3 = 0.2 நியூட்டன்தான், எடையோ 4.9 நியூட்டன். குணகம் 0.041 இருந்தாலே போதும். நடுநிலையைக் கடக்கும்போது தேவை சுழி. வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உராய்வு ஒன்றும் செய்வதில்லை; அங்கே உருளை தானாகவே v = RΩ ஐக் காத்துக்கொண்டு போகிறது.

ஆகவே உருளை நழுவுமானால் முதலில் நழுவப்போவது முனைகளில். வேகம் அதிகமாக இருக்கும் நடுவில்தான் வழுக்கும் என்ற எண்ணம் தவறு. முனையில் வில் விசை அதிகம், முடுக்கம் அதிகம், சுழற்சியை மாற்றத் தேவையான திருப்பு விசையும் அதிகம். kA/3 ≤ μMg என்ற நிபந்தனையிலிருந்து நழுவாமல் உருளக்கூடிய உச்ச வீச்சு கிடைக்கிறது:

```
A ≤ 3μMg / k
```

மரப்பலகையில் μ = 0.3 என்று வைத்தால் நம் உருளைக்கு இது ஏறத்தாழ 37 செ.மீ. மேசைமேல் வைத்துச் செய்யும் சோதனையில் அந்தத் தூரத்துக்கு யாரும் இழுப்பதில்லை. ஆனால் எண்ணெய் பட்ட கண்ணாடியில் குணகம் 0.05 க்கு இறங்கினால் வரம்பு 6 செ.மீ. ஆகிவிடும். அப்போது 8 செ.மீ. இழுத்து விட்டால் முனைக்கு அருகே உருளை கொஞ்சம் வழுக்கும். வழுக்கும் நேரத்தில் செயல்படுவது இயக்க உராய்வு. அது ஆற்றலை வெப்பமாக்கி இழக்கச் செய்யும். வீச்சு குறைந்துகொண்டே வந்து வரம்புக்குள் நுழைந்த பிறகு சுத்தமான உருளுதல் மட்டும் மிஞ்சும். அதாவது வழுக்கல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் முதல் சில அலைவுகளின் காலம் சூத்திரத்தோடு ஒத்துப்போகாது.

வழுக்குகிறதா என்று கண்டுபிடிக்க உருளையின் வட்ட முகத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு கோடு போட்டால் போதும். உருளை நடுநிலையில் நிற்கும்போது அந்தக் கோடு நேராக மேல்நோக்கி இருக்கட்டும். 5 செ.மீ. நகர்ந்தால் கோடு 5/2 = 2.5 ரேடியன், அதாவது 143 பாகை திரும்ப வேண்டும். நழுவாத வரை நடுநிலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கோடு மறுபடி மேல்நோக்கியே இருக்கும். கடக்கும்போது கோடு சாய்ந்து தெரிந்தால் எங்கோ வழுக்கியிருக்கிறது. கைபேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பார்த்தால் இது சந்தேகமில்லாமல் தெரியும்.

இதுவரை வில் அச்சில் இருந்தது. அதை மேலே ஏற்றினால் கதை சுவாரசியமாகிறது. வில்லின் முனையில் ஒரு நூலைக் கட்டி, அந்த நூலை உருளையோடு ஒட்டிய, h ஆரமுள்ள ஒரு சிறு உருளியின் மேற்பக்கத்தில் சுற்றுவதாகக் கொள்ளுங்கள். நூல் மையத்துக்கு h உயரத்தில் கிடையாக வெளியேறும். உருளை x தூரம் நகரும்போது நூலின் முனை x மட்டுமல்ல, சுழற்சியால் இன்னும் hx/R தூரம் சேர்ந்து நகரும். எனவே வில் x(1 + h/R) நீள்கிறது. இங்கே விசைகளைத் தனித்தனியாக எழுதுவதைவிடத் தொடுபுள்ளியைப் பற்றித் திருப்பு விசை எடுப்பது சுலபம். அங்கே உராய்வு, எடை, எதிர்விசை எதற்கும் திருப்பு விசை இல்லை. இணை அச்சுத் தேற்றப்படி தொடுபுள்ளியைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் 3MR²/2. வில் விசையின் கை நீளம் R + h. ஆகவே:

```
(3/2)MR² · (a/R) = −k x (1 + h/R) · (R + h)
ω = (1 + h/R) √(2k / 3M)
```

(1 + h/R) இரண்டு முறை வருகிறது: வில் கூடுதலாக நீள்வதால் ஒரு முறை, விசையின் கை நீள்வதால் ஒரு முறை. தவறு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள், அதிலும் வில்லின் நீட்சியைத்தான். வில் உருளையின் உச்சியில் இழுத்தால் h = R; வில் 2x நீள்கிறது, ω² = 8k/3M. நீட்சியை x என்று போட்டவருக்கு 4k/3M வரும். தேர்வில் கொடுக்கப்படும் நான்கு விடைகளில் அதுவும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் எண்களில் அச்சில் கட்டினால் ω = 4, பாதி உயரத்தில் (h = R/2) 6, உச்சியில் 8 ரேடியன்/வினாடி. அச்சிலிருந்து உச்சிக்குப் போனால் அலைவுக் காலம் சரிபாதியாகி 0.79 வினாடிக்கு இறங்குகிறது. எதிர்ப்பக்கம் போய், நூல் உருளையின் அடிமட்டத்தில் வெளியேறினால் h = −R; ω சுழி. தொடுபுள்ளி அந்தக் கணத்தில் நகர்வதில்லை என்பதால் உருளை எங்கே போனாலும் வில் நீள்வதில்லை. இழுக்க யாருமில்லாததால் அலைவும் இல்லை. சூத்திரம் சரிதானா என்று பார்க்க இது நல்ல சோதனை.

உராய்வு என்ன ஆகிறது? f = Ma − (வில் விசை) என்று போட்டால், வில் விசையை F என்று குறித்தால்,

```
f = F · [ (2/3)(1 + h/R) − 1 ]
```

h = 0 எனில் அடைப்புக்குள் −1/3; முன்பு பார்த்ததுதான், உராய்வு வில்லுக்கு எதிர். h = R இல் +1/3; உராய்வு வில்லின் பக்கமே சேர்ந்து நடுநிலையை நோக்கித் தள்ளுகிறது. உச்சியில் இழுக்கும்போது வில்லே உருளையை வேண்டியதைவிட அதிகமாகச் சுழற்றிவிடுகிறது. தொடுபுள்ளி பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது, தரை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. அளவையும் பாருங்கள்: F இப்போது 2kx என்பதால் உராய்வு 2kx/3 ஆகிறது. நழுவாத உச்ச வீச்சு முன்பிருந்ததில் பாதி.

நடுவில் h = R/2 இல் உராய்வு முழுக்கச் சுழி. அந்த உயரத்தில் இழுத்தால் நகர்வும் சுழற்சியும் தாமாகவே உருளுதலுக்குரிய விகிதத்தில் வளர்கின்றன. தரை உதவவே வேண்டாம். எண்ணெய் ஊற்றிய கண்ணாடியிலும் உருளை நழுவாமல் உருண்டு அலையும், எவ்வளவு வீச்சானாலும். "உராய்வு இல்லாமல் உருளவே முடியாது" என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு உயரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு வடிவங்களுக்கு மாற்றுவது எளிது. I = βMR² என்று எழுதினால், அச்சில் கட்டிய உருளும் பொருளுக்கு ω² = k/[M(1 + β)]. மெல்லிய சுவருள்ள குழாய்க்கு β = 1; அதே நிறைக்கு நம் வில்லில் 1.81 வினாடி எடுக்கும். அதற்கு முனையில் தேவைப்படும் உராய்வு வில் விசையில் பாதி என்பதால் அது திண்ம உருளையைவிடச் சீக்கிரம் நழுவும்.

மேசையில் செய்து பார்க்க வேண்டுமானால் இதுவரை கொண்டதுபோல் ஒற்றை வில் போதாது. ஆய்வகங்களில் கிடைக்கும் நெருக்கமாகச் சுற்றிய இழுவில்கள் இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது. அமுக்கினால் வளைந்துவிடும். எனவே இருபுறமும் ஒவ்வொரு வில் வைத்து, இரண்டையும் முன்கூட்டியே நீட்டிக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 6 நியூட்டன்/மீட்டர் என்றால் மொத்த k 12. முன்நீட்சி இந்த மதிப்பில் சேராது. ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைவதால் அடிபட்டுப் போகிறது. ஆனால் முன்நீட்சி வீச்சைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். ஒரு வில் தளர்ந்துவிட்டால் அந்த நேரத்துக்கு k பாதியாகி, காலம் வீச்சைப் பொறுத்து மாறத் தொடங்கும். 10 செ.மீ. முன்நீட்சியும் 5 செ.மீ. வீச்சும் பாதுகாப்பானவை. உச்சியில் நூல் சுற்றும் அமைப்பில் வில் இரு மடங்கு நீள்வதால் அதே முன்நீட்சிக்கு 4 செ.மீ. வீச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

k ஐ அளக்க ஒரே ஓர் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பது போதாது. இழுவில்களுக்குச் சுற்றுகள் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் ஓர் ஆரம்ப இழுவிசை உண்டு. அதைத் தாண்டிய பிறகே வில் நீளத் தொடங்கும். 50 கிராம், 100 கிராம், 150 கிராம் என்று ஏற்றி, நீட்சியின் வித்தியாசத்தை எடுங்கள். 6 நியூட்டன்/மீட்டர் வில்லுக்கு ஒவ்வொரு 50 கிராமுக்கும் 8.2 செ.மீ. அளவு கூட வேண்டும்.

அடுத்தது அச்சைப் பிடிக்கும் கவை. வில்லை உருளையின் அச்சோடு இணைக்க இருபுறமும் தாங்கி வைத்த ஒரு கவை தேவை. அது நகரும், சுழலாது. ஆகையால் அதன் நிறை 3/2 ஆல் பெருக்கப்படாமல் அப்படியே சேரும். வில்லுக்கும் நிறை உண்டு; அதன் ஒரு முனை நகர்ந்து மறுமுனை நிற்பதால் வில் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும். கவை 40 கிராம், வில்கள் இரண்டும் சேர்ந்து 30 கிராம் என்றால்:

```
பயனுறு நிறை = 1.5 × 0.50 + 0.04 + 0.03/3 = 0.80 கி.கி.
ω² = 12 / 0.80 = 15
T = 1.62 வினாடி
```

இவற்றை விட்டுவிட்டால் 1.57. பத்து அலைவுக்கு அரை வினாடி வித்தியாசம். நிறுத்துக் கடிகாரத்தில் கை தாமதத்தைத் தாண்டித் தெரியும் அளவு. "சூத்திரம் மூன்று சதவீதம் தவறாக வருகிறது" என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் கவையையும் வில்லையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

அலைவு தேய்வதற்குக் காரணம் ஓய்வுநிலை உராய்வு அல்ல என்று மேலே பார்த்தோம். தேய்ப்பவை தொடும் இடத்தில் தளமும் உருளையும் நுண்ணளவில் அமுங்கி எழுவதால் வரும் உருளுதல் தடையும், கவையின் தாங்கியில் இருக்கும் உரசலும். இவை இரண்டும் ஏறத்தாழ மாறாத அளவுள்ள எதிர்விசையாக நடந்துகொள்கின்றன. அதனால் வீச்சு விகிதப்படி குறையாமல் ஒவ்வோர் அலைவிலும் ஒரே அளவு குறையும். தடை விசை F_r என்றால் ஓர் அலைவுக்கு 4F_r/k. தடை 0.01 நியூட்டன் இருந்தால்கூட ஓர் அலைவுக்கு 3.3 மி.மீ. போய்விடும், பத்து அலைவில் 5 செ.மீ. வீச்சு 1.7 செ.மீ. ஆகிவிடும். காலம் இதனால் மாறாது. ஆகவே இருபது முப்பது அலைவு எண்ண முயல்வதைவிட, பத்து அலைவை ஐந்து தடவை எடுத்துச் சராசரி காண்பதே இங்கே சரியான வழி. கடிகாரத்தை முனையில் நிறுத்தாமல் உருளை நடுக்குறியைக் கடக்கும் கணத்தில் நிறுத்துங்கள். அங்கே வேகம் அதிகம் என்பதால் கணம் தெளிவாகத் தெரியும்.

மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு பாகைச் சாய்வு நடுநிலையை ஏறத்தாழ 7 மி.மீ. இறக்கத்தின் பக்கம் தள்ளும், காலத்தைத் தொடாது; புதிய நடுநிலையிலிருந்து அளந்தால் போதும். ஆனால் பலகை நடுவில் குழிந்திருந்தால் புவியீர்ப்பே இன்னொரு வில்போலச் சேர்ந்து காலத்தைக் குறைக்கும், மேடிட்டிருந்தால் கூட்டும். வில்களைக் கழற்றிவிட்டு உருளையைப் பலகையின் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் நிற்க வேண்டும், அல்லது எல்லா இடத்திலும் ஒரே பக்கம் உருள வேண்டும். இடத்துக்கு இடம் வேறு பக்கம் உருண்டால் பலகையை மாற்றுங்கள்.